சிறிய ஸ்கின்கேர் பிராண்டும் மைக்ரோ இன்ஃப்ளூயன்சரும்: பார்சல் அனுப்புவது முதல் கணக்கு முடிப்பது வரை

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவரின் வீடியோ பிடித்துப்போகிறது. உடனே முகவரி வாங்கிப் பாட்டிலை அனுப்பிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து, "எப்போ போஸ்ட் போடுவீங்க?" என்று கேட்கிறார்கள். வாங்கியவர் அதைப் பரிசு என்று நினைத்திருப்பார், அனுப்பியவர் ஒப்பந்தம் என்று நினைத்திருப்பார். இரண்டு பக்கமும் மனம் கசந்து முடியும்.

சரியான வரிசை இது: முதலில் கணக்கு, பிறகு ஆள் தேர்வு, பிறகு எழுத்தில் நிபந்தனை, அதற்கப்புறம்தான் பார்சல். விற்பனையை அளக்கும் ஏற்பாடு போஸ்ட் வரும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

விளக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சிறிய பிராண்டு, 30 மி.லி. நியாசினமைடு சீரம் விற்கிறது. விலை 499 ரூபாய். சொந்த வெப்சைட்டில்தான் விற்பனை. பேச்சு நடப்பது மதுரையில் இருக்கும், 14,000 ஃபாலோயர் உள்ள, எண்ணெய்ச் சருமம் பற்றித் தமிழில் பேசும் ஒரு பெண்ணோடு. கீழே வரும் விற்பனை எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கானவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

## 1. ஆள் தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

லேபிளை முதலில் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உட்பொருள் பட்டியல் எல்லாம் பாட்டிலிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். இந்தியாவில் அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமம் கட்டாயம். வேறொரு தொழிற்சாலையில் செய்து வாங்கினால் அவர்களின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் கலக்கிய சீரத்தை இன்னொருவர் முகத்தில் போடச் சொல்லி, அதை ஆயிரக்கணக்கானோருக்குக் காட்டச் சொல்வது அவரையும் சிக்கலில் இழுத்துவிடும்.

அடுத்தது ஒரு பக்கத்தில் "சொல்லலாம், சொல்லக் கூடாது" குறிப்பு. இதை எழுதுவது பற்றி 6-ஆம் பகுதியில் வருகிறது.

மூன்றாவது சரக்கு. போஸ்ட் வந்த அன்று 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று காட்டினால் கொடுத்த பணம் அப்படியே போச்சு. ஒரே பொருளுக்கு மட்டும் முதல் கொலாப் செய்யுங்கள். மூன்று பொருளை ஒரே ரீலில் காட்டினால் பார்ப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது, எது விற்றது என்று உங்களுக்கும் தெரியாது.

## 2. எவ்வளவு கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு

"மத்தவங்க எவ்வளவு குடுக்கிறாங்க?" என்று விசாரிப்பதைவிட உங்கள் ஒரு பாட்டிலில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்லது.

கூப்பன் கோடு போட்டால் பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் விலை 449. அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது, அதைக் கழித்தால் ஏறத்தாழ 380. பாட்டிலின் அடக்கச் செலவு 140, கூரியரும் பெட்டியும் 65, பேமென்ட் கேட்வே சுமார் 10. மிச்சம் 165 ரூபாய். கோடு இல்லாமல் முழு விலைக்கு வாங்கினால் இதே கணக்கில் சுமார் 207.

அந்தப் பெண் ஒரு ரீலுக்கும் மூன்று ஸ்டோரிக்கும் சேர்த்து 4,000 ரூபாய் கேட்கிறார். இரண்டு பாட்டிலின் அடக்கம் 280, அனுப்பும் செலவு 120. மொத்தம் 4,400. இதை 165-ஆல் வகுத்தால் 27 ஆர்டர் வந்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

இந்த 27 என்ற எண்ணை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அவருடைய ரீல்களை வழக்கமாக 6,000 பேர் பார்க்கிறார்கள் என்றால், ஏறக்குறைய 220 பார்வைக்கு ஓர் ஆர்டர் வர வேண்டும். தெரியாத பிராண்டுக்கு இது சுலபமில்லை. முதல் முயற்சியில் பணம் முழுக்கத் திரும்பாமலும் போகலாம், அந்த அளவு இழப்பைத் தாங்க முடியுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

## 3. ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஃபாலோயர் எண்ணிக்கை கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் கமென்ட்டைப் படியுங்கள். "அக்கா, எனக்கு டிரை ஸ்கின், இது செட் ஆகுமா?" என்று கேள்விகள் வருகின்றனவா, அதற்கு அவர் பதில் சொல்கிறாரா? அப்படியென்றால் அங்கே நம்பிக்கை இருக்கிறது. வெறும் தீ எமோஜியும் "நைஸ்" என்ற சொல்லும் மட்டும், அதுவும் திரும்பத் திரும்ப அதே சில கணக்குகளிலிருந்து வந்தால், ஒருவருக்கொருவர் கமென்ட் போட்டுக்கொள்ளும் குழுவாக இருக்கலாம்.

பிறகு அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஃபாலோயர்கள் எந்த ஊர், எந்த வயது என்று காட்டும் இன்ஸைட்ஸ் திரையின் ஸ்கிரீன்ஷாட். தமிழில் பேசுபவருக்குப் பெரும்பாலான ஃபாலோயர் நீங்கள் டெலிவரி செய்யாத நாட்டில் இருந்தால் விற்பனைக்கு உதவாது. இரண்டு, கடைசிப் பத்து ரீல்களின் பார்வை எண்ணிக்கை. இதில் சராசரி போடாதீர்கள். ஒரு ரீல் மட்டும் இரண்டு லட்சம் போயிருந்தால் சராசரி ஏமாற்றிவிடும். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 6,000 என்றது அப்படி எடுத்த எண்.

ஸ்கின்கேருக்கு மட்டுமே உரிய ஒரு சோதனையும் உண்டு. கடந்த இரண்டு மாதத்தில் அவர் எத்தனை சீரம், கிரீம்களைப் பரிந்துரைத்திருக்கிறார் என்று பாருங்கள். வாரம் ஒரு புது சீரத்தைப் புகழ்பவரின் முகத்தில் எது வேலை செய்தது என்று அவருக்கே தெரிய வாய்ப்பில்லை. பார்ப்பவர்களும் அதைக் கவனிக்கிறார்கள்.

## 4. முதல் மெசேஜ்: பரிசா, வேலையா?

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பொருள் அனுப்புவதில் இரண்டே வகை. எதையும் எதிர்பார்க்காமல் அனுப்பினால் அது பரிசு. அவர் போஸ்ட் போடலாம், போடாமலும் இருக்கலாம், பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். நீங்கள் தேதி கேட்கக் கூடாது, ஸ்கிரிப்ட் கொடுக்கக் கூடாது. "ஒரு ரீல் போட வேண்டும்" என்று சொன்ன நிமிடமே அது பண்டமாற்று, அதாவது வேலைக்குப் பொருளாகத் தரும் கூலி. 499 ரூபாய் பாட்டிலுக்கு ஒருவர் எழுதி, எடுத்து, எடிட் செய்து அரை நாளைச் செலவிடுவது நியாயமான கூலியாகாது. ரீல் வேண்டும் என்றால் பணம் கொடுங்கள்.

பரிசுக்கான மெசேஜ் இப்படி இருக்கலாம்: "வணக்கம். எண்ணெய்ச் சருமம் பற்றி நீங்கள் போட்ட வீடியோக்களைப் பார்த்து வருகிறோம். எங்கள் நியாசினமைடு சீரம் ஒன்று அனுப்ப விரும்புகிறோம். இது பரிசு மட்டுமே, போஸ்ட் போட வேண்டிய கட்டாயம் இல்லை. உட்பொருள் பட்டியலை இணைத்துள்ளோம். ஒவ்வாமை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். போட நினைத்தால் பொருள் இலவசமாக வந்தது என்று மட்டும் கட்டாயம் குறிப்பிடுங்கள்."

எனக்குப் பிடித்த வழி முதலில் பரிசாக அனுப்பி, அவருக்கு உண்மையில் பிடித்திருந்தால் மட்டும் காசு கொடுத்து வேலை பேசுவது. சில பாட்டில்கள் பதிலே இல்லாமல் போகும். ஆனாலும் பிடிக்காத ஒருவருக்கு 4,000 கொடுத்துப் புகழச் சொல்வதைவிட அது மலிவு.

## 5. பார்சல் அனுப்புவதும் காத்திருப்பதும்

அனுப்பும் முன் ஒவ்வாமை, தற்போது எடுக்கும் சரும மருந்து, கர்ப்பம் அல்லது தாய்ப்பால் காலம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நியாசினமைடுக்கு இது சின்ன விஷயம் போலத் தெரியலாம். ரெட்டினால் உள்ள பொருள் என்றால் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும், எனவே கேள்வியை எல்லாப் பொருளுக்கும் வழக்கமாக்கிவிடுங்கள். தனிப்பட்ட விவரம் என்பதால் காரணம் சொல்லித் தன்மையாகக் கேளுங்கள், "வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பார்சலில் புதிய பேட்ச் வையுங்கள். பேட்ச் எண்ணை உங்கள் பக்கமும் குறித்து வையுங்கள். பின்னால் எரிச்சல் என்று வந்தால் அதே பேட்சில் வேறு யாருக்கு ஆனது என்று தேட இதுதான் வழி. வைட்டமின் சி சீரம் போன்றவை வெப்பத்தில் சீக்கிரம் நிறம் மாறும். சித்திரை வெயிலில் வெள்ளிக்கிழமை அனுப்பி, ஞாயிறு முழுக்கக் கூரியர் கிடங்கில் கிடக்க விடாதீர்கள். திங்கள் காலை அனுப்புங்கள்.

சருமத்தில் சிறிது தடவிச் சோதிக்கும் பேட்ச் டெஸ்டைச் செய்யச் சொல்லும் சீட்டு ஒன்றும் வேண்டும். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்லும் முறை, கையின் உட்புறம் போன்ற ஒரு சிறு இடத்தில் தினம் இரண்டு முறை, 7 முதல் 10 நாள் வரை தடவிப் பார்ப்பது. இது முடிந்த பிறகுதான் முகத்தில் போட வேண்டும். அதற்குப் பின் குறைந்தது நான்கு வாரமாவது பயன்படுத்தட்டும். மேல்தோல் புதுப்பிக்கப்படவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆக, பார்சல் போன நாளிலிருந்து போஸ்ட் வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். தீபாவளி விற்பனைக்கு வேண்டும் என்றால் ஆவணியிலேயே அனுப்ப வேண்டும்.

அவசரமாக ஒரு போஸ்ட் வேண்டுமா? அப்போது பிசுபிசுப்பு, வாசனை, சன்ஸ்கிரீனுக்கு அடியில் எப்படி உட்காருகிறது என்று முதல் வாரத்திலேயே தெரிபவற்றை மட்டும் பேசச் சொல்லுங்கள். பலன் பற்றிப் பேச்சு வேண்டாம்.

பரிசுக்கு வரிக் கணக்கும் உண்டு. 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒரு நிதியாண்டில் ஒருவருக்குத் தொழில் தொடர்பாகக் கொடுக்கும் பொருள், சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டிடிஎஸ் கட்ட வேண்டும். நீங்களே தயாரிக்கும் பொருள் என்றால் அடக்க விலையை அல்ல, வாடிக்கையாளருக்கு விற்கும் விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தனிநபராகத் தொழில் நடத்தி, முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடிக்குள் இருந்தால் இந்தப் பொறுப்பு இல்லை. கம்பெனியாகப் பதிந்திருந்தால் அந்த விலக்கு கிடையாது. ஓரிரண்டு பாட்டிலுக்கு இது வராது. மாதாமாதம் பெட்டி பெட்டியாக அனுப்பும்போது வரும், ஆகவே ஆள்வாரியாக ஒரு பட்டியல் வைத்திருங்கள்.

## 6. எழுத்தில் நிபந்தனை

ஒரு பக்கம் போதும். வாட்ஸ்அப்பில் பேசியதை மின்னஞ்சலாக அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் சரி. எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை வரும் இடங்கள் இவை.

வேலையும் தேதியும். ஒரு ரீல், மூன்று ஸ்டோரி, எந்த வாரத்தில், ரீல் எத்தனை நாள் நீக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது வரை எழுதுங்கள். ஸ்டோரியை ஹைலைட்டில் வைக்க வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள்.

பணம். பாதி முன்பணம், மீதி போஸ்ட் வந்து ஏழு நாளுக்குள் என்பது இருவருக்கும் நியாயம். "விற்றால் மட்டும் கமிஷன்" என்று முதல் முறையே கேட்காதீர்கள். உங்கள் வெப்சைட் மெதுவாக இருந்து ஆர்டர் விழாமல் போனால் அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டுவதாகிவிடும். உறுதித் தொகையோடு கூடுதலாகக் கமிஷன் என்றால் பேசலாம்.

யார் எதைத் திருத்தலாம். போடும் முன் நீங்கள் ஒருமுறை பார்க்கலாம். திருத்தக் கேட்பது தவறான தகவலுக்கும் சட்டத்துக்குப் பொருந்தாத வாக்கியத்துக்கும் மட்டும். "எனக்கு வாசனை அவ்வளவா பிடிக்கல" என்று அவர் சொன்னால் அது அவர் கருத்து, அது இருக்கட்டும். அந்த ஒரு வரியால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள்.

ஒத்துக்கொள்ளாமல் போனால். சிவந்தாலோ எரிந்தாலோ உடனே நிறுத்த வேண்டும், உங்களுக்குப் படமும் பேட்ச் எண்ணும் அனுப்ப வேண்டும். முன்பணம் அவருடையதே. போஸ்ட் கேட்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்தச் செலவை நீங்கள் ஏற்பதாக எழுதுங்கள். ஸ்கின்கேர் ஒப்பந்தத்தில் அதிகம் விடுபடுவது இந்த வரிதான், எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.

வீடியோவை நீங்கள் பயன்படுத்துவது. அவர் பக்கத்தில் வந்ததை உங்கள் பக்கத்தில் பகிர்வது ஒன்று, அதே வீடியோவை விளம்பரமாகக் காசு போட்டு ஓட்டுவது வேறு. இரண்டாவதற்குத் தனித் தொகையும் காலக்கெடுவும் வேண்டும், 90 நாள் என்பதுபோல. பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் அதை விளம்பரமாக ஓட்ட உரிமை இருக்காது. ஆகவே பாட்டில்லாமல் குரல் மட்டும் உள்ள பிரதி ஒன்றை முன்பே கேட்டு வாங்குங்கள்.

போட்டிப் பொருள். 4,000 ரூபாய்க்கு மூன்று மாதம் வேறு எந்த ஸ்கின்கேரும் பேசக் கூடாது என்பது அநியாயம். வேறு நியாசினமைடு சீரத்துக்குக் காசு வாங்கி விளம்பரம் செய்ய இரண்டு வாரம் இடைவெளி கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

விளம்பரம் என்று சொல்வது. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்கினாலும், கேட்காமலே வந்த இலவசப் பொருளாக இருந்தாலும் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில், எழுத்தாகவும் குரலாகவும் இருக்க வேண்டும். தமிழ் ரீல் என்றால் தொடக்கத்திலேயே "இது விளம்பரம்" என்று எழுதிச் சொல்லவும் வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐயின் விதியில், 15 நொடிக்குக் குறைந்த வீடியோவில் அந்த எழுத்து குறைந்தது 3 நொடியும், 15 நொடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு நேரமும் தெரிய வேண்டும். 45 நொடி ரீலுக்கு 15 நொடி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, அது பிராண்டுக்கும் வரலாம், பேசியவருக்கும் வரலாம்.

இதோடு சேர வேண்டியதுதான் அந்த "சொல்லலாம், சொல்லக் கூடாது" குறிப்பு. "முகப்பரு குணமாகும்" என்றால் அழகுசாதனப் பொருளை மருந்து என்று சொல்வதாகிறது. "கலர் ஆவீங்க", "பதினாலு நாளில் கரும்புள்ளி மறையும்" எல்லாம் கூடாது. "என் சருமத்தில் மதியத்துக்கு மேல் வரும் எண்ணெய்ப் பசை குறைந்த மாதிரி இருக்கு" என்று தன் அனுபவமாகச் சொல்லலாம். முன்-பின் படம் என்றால் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் கிடையாது.

## 7. போஸ்ட் வரும் முன் அளக்கும் ஏற்பாடு

மூன்று வழியில் அளக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

முதலாவது அவருக்கு மட்டுமான கூப்பன் கோடு. `GLOW10` போன்ற பொதுவான சொல் வேண்டாம், கூப்பன் தளங்களில் பரவிவிடும். வாயால் சொன்னால் தப்பில்லாமல் டைப் செய்ய வருவதாக, `MDU10` போலச் சுருக்கமாக இருக்கட்டும். முடியும் தேதி போடுங்கள்.

இரண்டாவது, வந்தவர் எந்த வழியாக வந்தார் என்று காட்டும் தனி லிங்க்:

```
https://example.com/serum?utm_source=instagram&utm_medium=influencer&utm_campaign=mdu_serum_1
```

எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். `Instagram`, `instagram` இரண்டும் கூகுள் அனலிட்டிக்ஸில் தனித்தனி வரியாக விழும். இந்த லிங்க் ஸ்டோரி ஸ்டிக்கரிலும் பயோவிலும்தான் வேலை செய்யும். ரீலின் கேப்ஷனில் போட்டால் அழுத்த முடியாது. அனுப்பும் முன் உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும் திறந்து, கோடு போட்டு ஓர் ஆர்டர் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பணம் கட்டிய பின் வரும் பக்கத்தில் ஒரு கேள்வி: "எங்களைப் பற்றி எங்கே அறிந்தீர்கள்?" ரீலைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பிராண்டு பெயரைக் கூகுளில் தேடி, கோடு மறந்து முழு விலைக்கு வாங்குபவர்கள் உண்டு. முதல் இரண்டு வழியிலும் அவர்கள் தெரிய மாட்டார்கள்.

கூடவே, போஸ்டுக்கு முந்தைய இரண்டு வாரத்தின் தினசரி ஆர்டர் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். அதே வாரத்தில் வேறு விளம்பரமோ தள்ளுபடியோ வைக்காதீர்கள், எது விற்றது என்று பிரிக்கவே முடியாது.

போஸ்ட் வந்ததும் ஸ்டோரி இன்ஸைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டை 24 மணி நேரம் முடியும் தறுவாயில் அனுப்பச் சொல்லுங்கள், ரீலுக்கு 7-ஆம் நாளும் 30-ஆம் நாளும். லைக்கைவிட சேவ், ஷேர் எண்ணிக்கையைக் கவனியுங்கள். சேவ் செய்பவர் பின்னால் வாங்க யோசிப்பவர்.

## 8. கணக்கு முடிப்பது

30 நாள் கழித்து வந்தது இது என்று வைத்துக்கொள்வோம். கோடு போட்டு 21 ஆர்டர். அதில் இரண்டு கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் வாங்காமல் திரும்பிவிட்டன. டெலிவரி ஆன 19 மட்டுமே கணக்கு: 19 × 165 = 3,135. கோடில்லாமல் வாங்கி, கேள்விக்கு அவர் பெயரைச் சொன்னவர்கள் 5: 5 × 207 = 1,035. திரும்பிய இரண்டு பார்சலுக்குப் போக வரச் செலவு 260. மொத்தம் 3,910. செலவு 4,400. ஆக 490 ரூபாய் நஷ்டம்.

பலர் இங்கே நிறுத்தி, "இன்ஃப்ளூயன்சர் வேலைக்கு ஆகாது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சீரம் தீர்ந்து மறுபடி வாங்கும் பொருள். ஆகவே 90-ஆம் நாள் மீண்டும் பாருங்கள். அந்த 24 பேரில் 4 பேர் முழு விலைக்குத் திரும்ப வாங்கியிருந்தால் 828 ரூபாய் சேரும், கணக்கு 338 ரூபாய் லாபத்துக்கு வந்துவிடும். ஒருவரும் திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பெண்ணின் வீடியோவைக் குறை சொல்வதற்கு முன் சீரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் எங்கே நின்றன என்பதும் காரணத்தைக் காட்டும். ரீலைப் பலர் பார்த்து லிங்கைச் சிலரே தொட்டால், ஆளும் பொருளும் பொருந்தவில்லை அல்லது லிங்க் எங்கே என்று சொல்லப்படவில்லை. லிங்கைப் பலர் தொட்டு வாங்காமல் போனால் கோளாறு உங்கள் பக்கத்தில்: விலை, டெலிவரிக் கட்டணம், மெதுவாகத் திறக்கும் பக்கம். கமென்ட்டில் "எண்ணெய்ச் சருமத்துக்கு மட்டுமா?" என்ற கேள்வி நிறைய வந்தால் அந்தப் பதிலைப் பொருள் பக்கத்தின் மேலேயே எழுதுங்கள்.

எண்களை அவருக்கும் அனுப்புங்கள், நஷ்டம் வந்திருந்தாலும். எந்த ஸ்டோரியிலிருந்து ஆர்டர் வந்தது என்று பெரும்பாலான சிறு பிராண்டுகள் இன்ஃப்ளூயன்சர்களிடம் சொல்வதே இல்லை. இரண்டாம் முறை பேசும்போது அதே 4,000 ரூபாய்க்கு ஒரே நாளில் எல்லாம் கேட்காமல், ரீல் ஒரு நாள், பேட்ச் டெஸ்ட் ஸ்டோரி அடுத்த வாரம், கேள்வி-பதில் ஸ்டோரி அதற்கடுத்த வாரம் என்று பிரித்துக் கேளுங்கள். கூப்பன் கோடை `MDU10` என்றே வைத்துக்கொண்டு லிங்கின் கடைசியில் மட்டும் `mdu_serum_2` என்று மாற்றினால் இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.